புகையை விட்டபின் மாத்திரை எதற்கு?

“புகையை விட்டுவிட்டேன், நாடியும் ஒழுங்காகிவிட்டது. இனி இந்த மாத்திரை எதற்கு?” இதயப் பிரிவின் புறநோயாளர் அறையில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அதே அறையில் இதற்கு நேர்மாறான கேள்வியும் எழும்: “நாற்பது ஆண்டுகள் புகைத்தாயிற்று, நோயும் வந்தாயிற்று. இனி விட்டு என்ன ஆகப்போகிறது?” முதலாமவர் புகையை விட்டதன் பயனை அளவுக்கு மிஞ்சி மதிக்கிறார். இரண்டாமவர் அதில் பயனே இல்லை என்று எண்ணுகிறார். இருவருக்கும் காத்திருக்கும் ஆபத்து ஒன்றே: பக்கவாதம்.

இந்தக் குழப்பத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. ‘புகைப்பதை நிறுத்தவும்’ என்று மருந்துச் சீட்டின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாக நினைத்துவந்தோம். நிறுத்தினால் துடிப்பில் எது மாறும், எது மாறாது, நிறுத்திய முதல் வாரங்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றைச் சொல்லாமல் விட்டோம். அந்த ஒரு வரி போதாது என்பதே எங்கள் கருத்து. ஏன் போதாது என்பதை இங்கே விளக்குகிறோம்.

உங்கள் கோப்பில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்று எழுதப்பட்டிருக்கும் நோயைத் தமிழில் மேலறை நடுக்கம் எனலாம். இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒரே சீராகச் சுருங்கி, இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ள வேண்டும். இந்நோயில் அவை சுருங்குவதில்லை, நடுங்குகின்றன. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான மின்தூண்டல்கள் ஒழுங்கின்றி மேலறைகளில் ஓடுகின்றன. அவற்றுள் சிலவே கீழறைகளைச் சென்றடைகின்றன. எது சென்றடையும் என்பதற்கு ஒழுங்கு இல்லாததால்தான் மணிக்கட்டில் நாடியும் தாறுமாறாகத் துடிக்கிறது.

இதில் படபடப்பைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இடப்பக்க மேலறையை ஒட்டி விரல் நுனி போன்ற சிறு பை ஒன்று இருக்கிறது. மேலறை சுருங்காதபோது அந்தப் பையில் இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி நகர்ந்து மூளையின் இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம் ஏற்படுகிறது. இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று, அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நாங்கள் தருவது இதற்காகத்தான். துடிப்பைச் சீராக்குவது அம்மாத்திரையின் வேலையன்று.

இனி புகைக்கு வருவோம். புகை மேலறைக்குச் செய்யும் தீங்கை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால், நிறுத்துவதன் பயன் எதுவரை என்பது தெளிவாகும்.

முதல் வகை, புகைக்கும்போதே நிகழ்ந்து, நிறுத்தியதும் நீங்குவது. நிகோடின் உடம்பில் அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது. இதயத் துடிப்பு விரைகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. நடுக்கத்தைத் தொடங்கிவைக்கும் வேளை தவறிய துடிப்புகள் கூடுகின்றன. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, உயிர்வளியை எடுத்துச்செல்ல வேண்டிய இரத்தச் சிவப்பணுக்களில் இடம் பிடித்துக்கொள்கிறது. கடைசிப் புகைக்குப் பின் இரத்தத்திலுள்ள நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் புகைக்காதவரின் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே இவ்வகைத் தீங்கு சில நாள்களிலேயே விலகத் தொடங்குகிறது.

இரண்டாம் வகை, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நிலைத்துவிடுவது. நீண்டகாலப் புகையால் மேலறைச் சுவரின் தசைநார்களுக்கிடையே தழும்புத் திசு படிகிறது. ஆரோக்கியமான சுவரில் மின்னோட்டம் நேராகப் பாயும். தழும்புள்ள சுவரில் அது முட்டி, வளைந்து, தன்னையே சுற்றிவரத் தொடங்குகிறது. நடுக்கம் நிலைபெறுவது இப்படித்தான். இத்துடன் புகையால் வரும் நுரையீரல் அடைப்பு நோயும் மாரடைப்பும் மேலறைகளின் சுமையைக் கூட்டுகின்றன. புகையை விட்டால் புதுத் தழும்பு சேரும் வேகம் குறையும். ஏற்கெனவே விழுந்த தழும்பு மறைந்துவிடாது.

மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும் இதே சித்திரத்தைத் தருகின்றன. 2018-இல் வெளிவந்த, 29 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வின்படி, ஒருபோதும் புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 32 விழுக்காடு அதிகம். புகைத்துப் பின் நிறுத்தியவர்களுக்கு அந்தக் கூடுதல் 9 விழுக்காடுதான். 2024-இல் பிரித்தானியாவில் புகைத்த வரலாறு உள்ள ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரை ஆராய்ந்தபோது, தொடர்ந்து புகைப்பவர்களைவிட, முன்பே நிறுத்தியிருந்தவர்களுக்கு இந்நோய் 13 விழுக்காடும், ஆய்வு நடந்துகொண்டிருந்த காலத்தில் நிறுத்தியவர்களுக்கு 18 விழுக்காடும் குறைவாக வந்திருந்தது. அதாவது, தொடர்ந்து புகைப்பவர்களில் 100 பேருக்கு நோய் வரும் இடத்தில், அவர்களை ஒத்த, ஆனால் ஆய்வுக்காலத்தில் நிறுத்திய மக்களில் 82 பேருக்கு வருகிறது. இந்தக் குறைவைச் சிறிது என்று தள்ளிவிட முடியாது. நோயே வராது என்று சொல்லும் அளவுக்குப் பெரிதும் அன்று.

“நோய் வந்தபின் விட்டு என்ன பயன்?” என்று கேட்பவருக்கான விடை தென்கொரியாவிலிருந்து 2021-இல் வந்தது. மேலறை நடுக்கம் புதிதாகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 97,000 பேரை ஆராய்ந்ததில், கண்டறிந்தபின் புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிடப் பக்கவாதம் சுமார் 30 விழுக்காடும் மரணம் சுமார் 16 விழுக்காடும் குறைவாக இருந்தன. ஆயினும் ஒருபோதும் புகைக்காதவர்களின் நிலைக்கு அவர்கள் முழுமையாகத் திரும்பிவிடவில்லை. இத்தகைய ஆய்வுகள் ஒருவரின் வருங்காலத்தை முன்கூட்டிச் சொல்வன அல்ல. புகையை விடுபவர்கள் வேறு வழிகளிலும் உடலைப் பேணுபவர்களாக இருக்கலாம். குறைவின் ஒரு பகுதி அதனாலும் நேர்ந்திருக்கலாம். ஆயினும் வெவ்வேறு நாடுகளின் கணக்குகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. நோய் வந்தபின் விடுவதும் பயனுள்ளதே.

ஆய்வுகளின் கணக்கு ஒரு மனிதரின் வாழ்வில் எப்படி நிகழ்கிறது என்பதைக் காட்ட, எங்களிடம் சிகிச்சை பெறும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். அவரை இன்னார் என்று அறிய முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். வயது 58. சரக்கு வேன் ஓட்டுநர். இருபது வயதிலிருந்து நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. படபடப்பு என்று வந்தார், ஈ.சி.ஜி.யில் மேலறை நடுக்கம் தெரிந்தது. துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரையும், இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரினும் கொடுத்தோம். வார்ஃபரின் உண்பவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை எண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். அவருக்கு 2.6 இருந்தது. வழக்கம்போல் ‘புகைப்பதை நிறுத்தவும்’ என்றும் எழுதினோம்.

அவர் உண்மையிலேயே நிறுத்திவிட்டார். எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல் வாரத்திலேயே அவருக்குக் கைகள் நடுங்கின, நெஞ்சு படபடத்தது. “புகையை விட்டதால்தான் இதயம் கெடுகிறது, ஒன்றே ஒன்று இழுத்தால் அடங்கிவிடும்” என்று மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி, எங்கள் செவிலியர் முன்பு கற்றுத்தந்தபடி, கணவரின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். 96 துடிப்புகள். வேகம்தான், ஆனால் ஒரே சீராக, கடிகாரம்போல் அடித்தது. மறுநாள் எடுத்த ஈ.சி.ஜி.யிலும் நடுக்கம் இல்லை.

படபடப்புக்குக் காரணம் காப்பி. ஓட்டுநர் வேலையில் அவர் நாளுக்கு ஐந்து தம்ளர் காப்பி குடிப்பவர். புகையிலுள்ள கரிப்பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு, காப்பியிலுள்ள காஃபினை விரைவில் அழிக்கச் செய்கின்றன. புகை நின்றதும் அந்தத் தூண்டுதலும் நின்றுவிடுகிறது. குடிக்கும் காப்பி அதேதான். உடம்பில் தங்கும் காஃபின் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. மிதமான காப்பி இந்நோய்க்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. திடீரென்று இரு மடங்கான காஃபின்தான் அவரைப் படபடக்க வைத்தது. ஐந்து தம்ளரை இரண்டாக்கியதும் சில நாள்களில் அது அடங்கியது. மனைவி நாடியை எண்ணாமல் இருந்திருந்தால், அன்று மாலையே அவர் பெட்டிக்கடைக்குப் போயிருப்பார்.

மூன்றாம் வாரம் பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் கசிந்தது. ஐ.என்.ஆர். பார்த்தபோது 3.6. மாத்திரையின் அளவை அவர் மாற்றவில்லை, உணவையும் மாற்றவில்லை. மாறியது புகை மட்டுமே. காஃபினை அழிக்கும் அதே நொதிதான் வார்ஃபரினின் ஒரு பகுதியையும் அழிக்கிறது. அதனால் புகைப்பவர்களுக்குச் சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடுதலான அளவு தேவைப்படுகிறது. புகையை விட்டதும் அந்தப் பழைய அளவே மிகையாகிவிடுகிறது. அவருடைய அளவை 4 மில்லிகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தோம். அடுத்த பரிசோதனையில் ஐ.என்.ஆர். 2.7. ஈறில் கசிந்த இரத்தம் வயிற்றிலோ மூளையிலோ கசிந்திருக்கக் கூடும். அவர் நிறுத்திய பத்தாம் நாளில் நாங்கள் இரத்தத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது எங்கள் குறை.

நான்காம் மாதம் அவர் நன்றாக இருந்தார். படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. நாடி சீராக இருந்தது. அப்போதுதான் இக்கட்டுரையின் முதல் கேள்வியைக் கேட்டார். கேட்பதற்கு முன்பே இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்திருந்தார். நாங்கள் அவர் மார்பில் கையடக்கமான ஒரு பதிவுக்கருவியைப் பொருத்தி, 24 மணி நேரத் துடிப்பைப் பதிவு செய்தோம். இரவு இரண்டு மணியளவில், அவர் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தபோது, நாற்பது நிமிடங்கள் மேலறை நடுங்கியிருந்தது. அவர் அதை உணரவே இல்லை. நாடியைத் தொட்டுப் பார்த்த நேரத்தில் சீராக இருந்தது என்பது உண்மை. தொட்டுப் பார்க்காத நேரத்தைப் பற்றி நாடி எதுவும் சொல்வதில்லை.

பிறகு அவருடன் அமர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். உறைதல் தடுப்பு மாத்திரை யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்கள் மதிப்பெண் வைத்து முடிவு செய்கிறார்கள். இதயச் செயலிழப்புக்கு ஒன்று, உயர் இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, நீரிழிவுக்கு ஒன்று, மாரடைப்பு போன்ற இரத்தக்குழாய் நோய்க்கு ஒன்று. 65 வயதானால் ஒன்று, 75 ஆனால் இரண்டு. முன்பு பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. அவருக்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும் சேர்ந்து இரண்டு மதிப்பெண், மாத்திரை தேவை. இந்தப் பட்டியலில் புகை என்ற வரியே இல்லை என்பதை அவரே கவனித்துச் சொன்னார். ஆம், இல்லை. புகைத்தபோதும் இரண்டு, விட்டபின்னும் இரண்டு. புகையை விட்டதால் அவருடைய நீரிழிவு போய்விடவில்லை, வயதும் குறையவில்லை. ஆகவே மாத்திரையும் நிற்காது. புகையை விட்டதன் பலன், மாத்திரை தரும் பாதுகாப்போடு சேர்ந்துகொள்ளும்; அதற்கு மாற்றாகாது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். இன்றும் புகைப்பதில்லை, மாத்திரையும் உண்கிறார்.

இவருடைய கதையில் மூன்று இடங்களில் ஆபத்து காத்திருந்தது: காப்பியால் வந்த படபடப்பில், ஏறிய ஐ.என்.ஆர்.-இல், சீரான நாடி தந்த நம்பிக்கையில். மூன்றுமே முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எளிதாகக் கடந்திருக்கக்கூடியவை. எனவே, புகையை விடுவதும் ஒரு மருந்தைத் தொடங்குவதைப் போலவே எழுதித் தரப்பட வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். எந்தத் தேதியில் நிறுத்துவது, வார்ஃபரின் போன்ற மாத்திரை உண்பவர் எந்தத் தேதியில் இரத்தப் பரிசோதனைக்கு வருவது, காப்பியையும் தேநீரையும் எவ்வளவு குறைப்பது, ஏக்கத்துக்கு என்ன உதவி தருவது: இந்நான்கும் சீட்டில் இருக்க வேண்டும். உங்கள் சீட்டில் வெறும் ஒரு வரி இருந்தால், மீதியைக் கேட்டுப் பெறுங்கள்.

ஏக்கத்துக்கான உதவியைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. நிகோடின் மெல்லும் பசையை இதய நோயாளிகள் அஞ்சுகிறார்கள். “இதிலும் நிகோடின்தானே?” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பசையில் வரும் நிகோடின் மெதுவாக, குறைந்த அளவில் வருகிறது. கார்பன் மோனாக்சைடோ புகையின் கரிப்பொருள்களோ அதில் இல்லை. இதய நோயாளிக்கு, மருத்துவர் அறிய அதைச் சில மாதங்கள் பயன்படுத்துவது தொடர்ந்து புகைப்பதைவிடப் பாதுகாப்பானது. அதைச் சாதாரண மிட்டாய்போல் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரச் சுவை தெரியும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைத்து, சுவை குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். விடாமல் மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும் படபடப்பும் வரும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காப்பியைத் தவிர்க்க வேண்டும். இல்லையேல் நிகோடின் வாயில் சரியாக உறிஞ்சப்படாது. பசையைப் பயன்படுத்துபவருக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை தேவைதான். ஏனெனில் அந்த நொதியைத் தூண்டியது நிகோடின் அன்று, புகை. பேசி ஆலோசனை பெற விரும்புவோர், சிகரெட், பீடிப் பொட்டலங்களின் மீதே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

வீட்டிலிருப்போருக்கு இரண்டு வேண்டுகோள்கள். நாடியைக் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். ஒழுங்கின்மை அவ்வளவு குறுகிய நேரத்தில் பிடிபடாமல் போகலாம். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வேகமாக இருந்தாலும் சீராக அடித்தால், முதலில் காப்பியையும் காய்ச்சலையும் உறக்கமின்மையையும் எண்ணிப் பாருங்கள். ஓய்வெடுத்தும் வேகம் குறையாவிட்டால் எங்களிடம் வாருங்கள். எந்த ஒழுங்குமின்றித் தாறுமாறாக அடித்தால் அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுக்க வாருங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்திருந்தால் நாடியை எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அது சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும், 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உறைதல் தடுப்பு மாத்திரை உண்பவருக்கு அந்த ஊசியைப் போடலாமா என்பதை, அவர் எந்த மாத்திரையைக் கடைசியாக எப்போது உண்டார் என்பதைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். ஆகவே மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள்.

புகையை விட்டவர் அடுத்த முறை வரும்போது, மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். எந்தத் தேதியில் விட்டார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லட்டும். அந்தத் தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி, அடுத்த இரத்தப் பரிசோதனை நாளை அதன் அருகிலேயே குறிக்க நாங்கள் தொடங்கியிருக்கிறோம்.